கூட வேல பாக்குறவங்க கிட்ட பெட்ரோல் காச ஷேர் பண்ணிக்கலாமானு மெசேஜ்ல கேக்குறது எப்டி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெய்லி என் பைக்லதான் வர்றாரு, பல மாசமாச்சு, பெட்ரோல் பத்தி வாயே தொறக்கல. நானா கேட்டா சில்லறத்தனமா தெரியாதா?

தெரியாதுங்க. கும்மோணம், பாவநாசம், அய்யம்பேட்டை பக்கத்துலேர்ந்து தஞ்சாவூருக்கு வேலைக்கு வர்றவங்க எங்கிட்ட கேக்குற மொத கேள்வியே இதுதான். ஆபீஸ்ல டீ கணக்கு, ஃபேர்வெல் கணக்கெல்லாம் நான் எழுதுறதால இந்த பஞ்சாயத்தும் எங்கிட்டதான் வந்து சேருது, ஒவ்வொருத்தருக்கா வாயால சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சுடலாம்னுதான் இது.

பின்னாடி உக்காந்து வர்றவரு முக்காவாசி நேரம் ஏமாத்தணும்னு இருக்குறதில்ல. எவ்ளோ குடுக்குறதுனு அவருக்கு தெரியல, நூறு ரூபாய எடுத்து நீட்டுனா "என்ன சார் நான் என்ன ஆட்டோக்காரனா"னு நீங்க கோச்சுப்பீங்களோனு ஒரு பயம், சரி ஒருநாள் டிபன் வாங்கி குடுத்து சமாளிச்சுடலாம்னு நெனச்சு அப்டியே நாள் ஓடிடும். நீங்க ஒரு நம்பர சொல்லிட்டா அவருக்கும் நிம்மதிதான். நம்பர் இல்லாம "கொஞ்சம் பெட்ரோலுக்கு பாத்து செய்யுங்க"னு சொன்னீங்கன்னாதான் சங்கடமே, ஏன்னா எவ்ளோங்குற பாரத்த அவரு தலைல தூக்கி வைக்கிறீங்க.

நேர்ல சொல்றதா, மெசேஜ்ல அனுப்புறதா?

மெசேஜ்தான். நேர்ல கேட்டா அந்த நிமிஷமே பதில் சொல்லியாகணும், மொகத்துக்கு நேரா "முடியாது"னு சொல்ல நம்ம ஊர்ல யாருக்கும் வராது, "சரி சரி"னு சொல்லிட்டு மனசுல வச்சுப்பாங்க. மெசேஜ்னா வீட்டுக்கு போயி, வீட்டம்மா கிட்டயோ வீட்டுக்காரர் கிட்டயோ ஒரு வார்த்த கேட்டுட்டு, மெதுவா பதில் போடலாம். கணக்கும் எழுத்துல இருக்கும், நாளைக்கு "நீங்க அம்பதுன்னீங்களா அறுவதுன்னீங்களா"ங்குற பேச்சு வராது.

ஆனா வண்டில எறக்கிவிட்ட ஒடனே அனுப்பாதீங்க, அன்னிக்கு எதுலயோ கோவம்னு நெனச்சுப்பாரு. மாசக் கடைசி வாரமும் வேணாம். சம்பளம் ஏறி ரெண்டு மூணு நாள்ல, ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு அப்பறம், அவருக்கு மட்டும் தனியா. ஆபீஸ் குரூப்ல போடவே கூடாது, அதுல போட்டா கேக்குற மாதிரி இருக்காது, ஊர கூட்டி நியாயம் கேக்குற மாதிரி ஆயிடும்.

எவ்ளோ கேக்குறது? மாசம் நான் போடுற பெட்ரோல்ல பாதி, அவ்ளோதானே?

அவ்ளோ இல்ல, இங்கதான் நெறைய பேரு சறுக்குறாங்க. மாசம் போடுற பெட்ரோல்ல நீங்க ஞாயித்துக்கெழம மாமனார் வீட்டுக்கு போனது, பசங்கள டியூஷன்ல விட்டது எல்லாம் இருக்கு, அதுல அவருக்கு என்ன பங்கு? ரெண்டு பேரும் சேந்து ஓடுற தூரத்த மட்டும் எடுக்கணும், அத சேந்து போறவங்க எண்ணிக்கையால வகுக்கணும்.

ஒரு கணக்க முழுசா போட்டு பாப்போம். நீங்க கும்மோணம், அவரு பாவநாசத்துல ஏறுறாரு, ஆபீஸ் தஞ்சாவூர். கும்மோணம் டு பாவநாசம் சுமாரா 15 கிமீ, அங்கேர்ந்து தஞ்சாவூர் சுமாரா 25 கிமீ. மொத 15 அவரு இருந்தாலும் இல்லாட்டியும் நீங்க ஓட்டித்தான் ஆகணும், அத விட்டுடுங்க. மீதி 25தான் பொது. பெட்ரோல் லிட்டர் 102 ரூபா, வண்டி லிட்டருக்கு 51 கிமீ குடுக்குதுனு வச்சுப்போம் (உங்க பங்க்ல என்ன வெலையோ அத போட்டுக்கோங்க), அப்ப கிமீக்கு 2 ரூபா. 25 கிமீக்கு 50 ரூபா, அதுல பாதி 25. போக வர ஒரு நாளைக்கு அவரு பங்கு 50 ரூபா. மாசத்துல 20 நாள் வந்தா 1000.

இதையே 40 கிமீக்கும் போட்டு பாதி பண்ணியிருந்தா ஒரு நாளைக்கு 80 வந்திருக்கும். அவரு வராத ரோட்டுக்கும் அவருகிட்ட காசு வாங்குன மாதிரி. அந்த 30 ரூபாய அவரு ஒடனே கேக்க மாட்டாரு, ஆனா ஒருநாள் சும்மா உக்காந்து கணக்கு போட்டு பாத்தாருன்னா அன்னியோட மரியாத போச்சு.

மைலேஜ் எவ்ளோனு எனக்கே தெரியாதே. ஷோரூம்ல 65னு சொன்னாங்க, அத போடலாமா?

அத போட்டா உங்களுக்குத்தான் நஷ்டம், ரெண்டு பேரு உக்காந்து ஓட்டுற வண்டி அவ்ளோ குடுக்காது. நீங்களே அளந்துடுங்க, ஒரு வாரத்து வேலதான். பங்க்ல டேங்க் ஃபுல் பண்ணுங்க, துப்பாக்கி தானா டக்குனு கட் ஆகுற எடத்தோட நிறுத்திடணும், அதுக்கு மேல ரவுண்டா வரட்டும்னு சொட்டு சொட்டா ஊத்த விடக்கூடாது. ட்ரிப் மீட்டர சைபர் பண்ணிக்கோங்க. டேங்க் முக்காவாசி காலியாகுற வரைக்கும் எப்பயும் போல ஓட்டுங்க, அப்பறம் அதே பங்க், முடிஞ்சா அதே மெஷின்ல, திரும்பவும் கட் ஆகுற வரைக்கும் போடுங்க. ட்ரிப் மீட்டர்ல காட்டுற கிமீய ரெண்டாவது தடவ போட்ட லிட்டரால வகுத்தா அதான் உங்க மைலேஜ். 408 கிமீ ஓடி 8 லிட்டர் புடிச்சா 51.

நூறு ரூபாய்க்கு, எரநூறு ரூபாய்க்குனு போட்டு ஓட்டுறவங்களுக்கு இந்த கணக்கு வராது, ஒரு தடவையாச்சும் ஃபுல் டு ஃபுல் பண்ணித்தான் ஆகணும். பில்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அனுப்பணும்னு இல்ல, கேட்டா காட்ட.

சரி, நம்பர் ரெடி. மெசேஜ எப்டி ஆரம்பிக்குறதுனே தெரியல, ஒண்ணு எழுதி குடுங்களேன்.

வயசுல கொஞ்சம் பெரியவரு, ஆனா சரிசமமா பழகுறவரு, அண்ணேனு கூப்புடுறீங்கனு வச்சுக்கிட்டு மேல உள்ள கணக்குக்கே எழுதுறேன்.

> அண்ணே, ஒரு சின்ன விஷயம். டெய்லி சேந்துதானே போறோம், வர்ற ஒண்ணாந்தேதிலேர்ந்து பெட்ரோல ஷேர் பண்ணிக்கலாமாண்ணே? பாவநாசத்துலேர்ந்து தஞ்சாவூர் 25 கிமீ, வண்டி லிட்டருக்கு 51 குடுக்குது, இப்ப உள்ள வெலைக்கு கிமீக்கு 2 ரூபா. உங்க பங்கு போக வர ஒரு நாளைக்கு 50 வருது. கும்மோணத்துலேர்ந்து பாவநாசம் வரைக்கும் என் கணக்கு, அத சேக்கல. நீங்க வர்ற நாளுக்கு மட்டும்தான், மாசக் கடைசில ஒரே தடவையா ஜிபே பண்ணா போதும். இது வேணாம், வேற மாதிரி வச்சுக்கலாம்னாலும் சொல்லுங்கண்ணே, பேசிக்கலாம்.

இதுல "பெட்ரோல் வெல ஏறிப்போச்சு, வீட்டு லோன் வேற, கைய கடிக்குது"னு பொலம்பல் எதுவும் இல்லங்குறத கவனிங்க. பொலம்புனா அது ஒதவி கேக்குற மாதிரி ஆயிடும், அவரும் எரக்கப்பட்டு ஒரு மாசம் குடுத்துட்டு நிறுத்திடுவாரு. "மன்னிச்சுக்கோங்க, தப்பா நெனைக்காதீங்க"வும் இல்ல. தப்பா நெனைக்காதீங்கனு நீங்க எழுதுனாதான் இதுல தப்பா நெனைக்க ஏதோ இருக்கு போலனு அவருக்கு தோணும்.

அந்த "கும்மோணத்துலேர்ந்து பாவநாசம் என் கணக்கு"ங்குற ஒரு வரிதான் இதுல பெரிய வேல பாக்குது. நீங்க ஒங்களுக்கு சாதகமா போடலனு அது காட்டிடும். எத விட்டாலும் அத விடாதீங்க. கடைசி வரிய சும்மா மரியாதைக்கு எழுதாதீங்க, அவரு நெஜமாவே வேற வழி சொன்னா (ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் என் வண்டினு) ஏத்துக்க தயாரா இருந்தா மட்டும் எழுதுங்க.

அவரு என் செக்‌ஷன் சூப்பரன்டு. சார்னு கூப்புடுற ஆளுகிட்ட போயி அம்பது ரூபா கேக்க முடியுமா?

கேக்கலாம், ஆனா வழி மாறணும். பெரியவங்க கிட்ட நம்பர நேரா நீட்டாம, எப்டி வச்சுக்கலாம்னு அவரு கிட்டயே யோசன கேக்குற மாதிரி போங்க, நம்பர் அடுத்த மெசேஜ்ல போகட்டும்.

> வணக்கம் சார். டெய்லி போக வர ரெண்டு பேரும் சேந்து வர்றதால பெட்ரோலுக்கு ஒரு கணக்கு வச்சுக்கலாம்னு தோணுச்சு சார். பொதுவான தூரத்துக்கு மட்டும் போட்டு பாத்தேன். உங்களுக்கு சரினு பட்டா அனுப்புறேன் சார், பாத்துட்டு சொல்லுங்க.

நிறைய பேருக்கு இதுலயே விஷயம் முடிஞ்சுடும், "அட எவ்ளோனு சொல்லுப்பா, மாசாமாசம் போட்டுடுறேன்"னு சொல்லிடுவாரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, உங்க லீவு லெட்டரு, இன்க்ரிமென்ட் ஃபைலு எதாச்சும் அவரு மேசைல இருக்குற வாரம் இத அனுப்பாதீங்க, ரெண்டும் ஒண்ணா கலந்து அவருக்கும் சங்கடம் உங்களுக்கும் சங்கடம்.

நான் பின்னாடி உக்காந்து வர்றவ. அக்கா ஸ்கூட்டிலதான் டெய்லி வர்றேன், காசு குடுத்தா "போடி"னு திட்டுறாங்க. என்ன பண்றது?

கைல குடுத்தா வாங்க மாட்டாங்கம்மா. நீங்களும் மெசேஜ் போடுங்க, அதே கணக்கோட. "அக்கா, பெட்ரோல்ல என் பங்கு ஒரு நாளைக்கு இவ்ளோ வருது, மாசம் ஒண்ணாந்தேதி ஜிபே பண்ணிடுறேன், நீங்க வாங்கலன்னா எனக்கு உங்க கூட வரவே கூச்சமா இருக்கும்க்கா." இந்த கடைசி வரிக்கு அப்பறம் மறுக்குறவங்க கம்மி.

அப்பயும் மாட்டேன்னாங்கன்னா வாரத்துக்கு ஒரு தடவ பங்க்ல நீங்க எறங்கி ஃபுல் டேங்க் போட்டு நீங்களே ஸ்கேன் பண்ணிடுங்க. வண்டிக்கு ஊத்துனத திருப்பி எடுக்க முடியாதுல்ல. அவங்க சொந்தமா ஓட்டுன தூரமும் அதுல கலந்துடும்தான், அதனால ரெண்டு ஃபுல்லுக்கு ஒண்ணு நீங்க, ஒண்ணு அவங்கனு வச்சுக்கலாம். பூ, ஸ்வீட்னு வாங்கி குடுத்து ஈடு கட்டுறது நல்ல மனசுதான், ஆனா அது மாசம் எவ்ளோ ஆச்சுனு ரெண்டு பேருக்குமே தெரியாது.

பெட்ரோல் மட்டும்தானா? ஆயில், டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் நான்தானே கட்டுறேன்?

நியாயம்தான், ரெண்டு பேரு வெயிட்டுல டயரும் செயினும் சீக்கிரம் தேயும். ஆனா இத கணக்குல சேக்க ஆரம்பிச்சா முடிவே இருக்காது, மெக்கானிக் போட்ட பில்லுல பாதிய அவரு ஏன் குடுக்கணும்ங்குற வாக்குவாதம் வரும். வண்டி ஒங்களது, நாளைக்கு வித்தா அந்த காசும் ஒங்களது. என் அபிப்ராயம், எரிபொருளோட நிறுத்திக்கோங்க. ரொம்ப ஒறுத்துச்சுன்னா கிமீக்கு 2 ரூபாங்குற எடத்துல ஆயில் செலவையும் சேத்து 2 ரூபா 20 பைசானு வைங்க, மெசேஜ்லயும் அத தெளிவா எழுதுங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. வெள்ள நம்பர் பிளேட் வண்டிய வாடகைக்கு ஓட்டக்கூடாது, சொந்த வண்டி பாலிசிலயும் வாடகைக்கு ஓட்டுனா கவர் கெடையாதுனு எழுதியிருக்கும். செலவ பங்கு போட்டுக்குறது வேற, செலவுக்கு மேல வாங்குறது வேற. அதனால "டிக்கெட்", "சார்ஜ்", "வாடகை"னு மெசேஜ்ல எழுதாதீங்க, செலவுக்கு மேல பத்து பைசாவும் வாங்காதீங்க. பைக்குக்கு இன்னொண்ணு, வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசினா பின்னாடி உக்காந்து வர்றவருக்கு பொதுவா கவர் வராது. காசு வாங்க ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி பாலிசிய எடுத்து ஒரு தடவ பாத்துடுங்க, அவருக்கும் ஒரு ஹெல்மெட் கட்டாயம்.

கார்ல மூணு பேரு போறோம், ஒருத்தர் நடுவுல ஏறுறாரு. மூணா வகுத்தா அவரு மூஞ்ச தூக்குறாரு, எப்டி பிரிக்குறது?

அவரு மூஞ்ச தூக்குறது சரிதான். ரோட்ட துண்டு துண்டா பிரிங்க, ஒவ்வொரு துண்டுலயும் எத்தன பேரு வண்டிக்குள்ள இருக்காங்களோ அத்தனையா வகுங்க. அதே ரூட்டையே எடுத்துப்போம். ஓட்டுறவரும் ஒருத்தரும் கும்மோணத்துலேர்ந்து வர்றாங்க, மூணாவது ஆளு பாவநாசத்துல ஏறுறாரு. காரு லிட்டருக்கு 17 குடுக்குதுனா கிமீக்கு 6 ரூபா.

மொத 15 கிமீக்கு 90 ரூபா, ரெண்டு பேரு, ஆளுக்கு 45. அடுத்த 25 கிமீக்கு 150 ரூபா, மூணு பேரு, ஆளுக்கு 50. ஆக கும்மோணத்துக்காரங்க ஆளுக்கு 95, பாவநாசத்துக்காரரு 50. கூட்டுனா 240, அதான் 40 கிமீக்கு ஆகுற மொத்த பெட்ரோல், ஒரு ரூபா கூட கொறைய இல்ல. இது ஒரு பக்கத்துக்கு, சாயந்தரம் திரும்பி வர்றதுக்கும் சேத்து டபுளாக்கிக்கோங்க. சும்மா 240ஐ மூணா வகுத்திருந்தா பாவநாசத்துக்காரரு 80 குடுத்திருப்பாரு, ஒரு பக்கத்துக்கே 30 ரூபா கூட.

போற வழில டோல் இருந்தா அத தாண்டுறப்ப உள்ள இருக்குறவங்க மட்டும் பிரிச்சுக்கணும். ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் எடுத்திருந்தீங்கன்னா (2025 ஆகஸ்ட்ல அது வந்தப்ப 3000 ரூபாய்க்கு 200 தடவ) ஒரு தடவைக்கு 15 ரூபாதான் ஆகுது, அந்த 15 ரூபாயத்தான் பிரிக்கணும், பாஸ் இல்லாதவங்களுக்கு போட்டிருக்குற ரேட்ட சொல்லி வாங்கக்கூடாது. மூணு பேருன்னா தனித்தனியா மெசேஜ் வேணாம், மூணு பேரு மட்டும் உள்ள ஒரு குரூப்ப போட்டு இந்த கணக்க அப்டியே எல்லாருக்கும் தெரியுற மாதிரி போட்டுடுங்க. ஆபீஸ் குரூப் வேணாம்னு முன்னாடி சொன்னது வேற, இது சம்பந்தப்பட்டவங்க மட்டும்.

மெயின்ரோட்டுல நிக்க மாட்டாரு, ஊருக்குள்ள வீட்டு வாசலுக்கே வரணும்ங்குறாரு. அந்த சுத்துக்கு?

அந்த சுத்து முழுக்க அவரு கணக்கு, பாதி இல்ல. ரோட்டுலேர்ந்து ஊரு 3 கிமீ உள்ளனா போயிட்டு வர 6 கிமீ, பைக் கணக்குல 12 ரூபா, சாயந்தரமும் கொண்டு போயி விட்டா இன்னொரு 12. அவரு இல்லன்னா அந்த ரோட்டுக்கே நீங்க போக மாட்டீங்கல்ல. மெசேஜ்ல ரெண்டு நம்பரா குடுத்துடுங்க, "ரோட்டுல நின்னா 50, வீட்டுக்கு வந்தா 74, எது வசதியோ சொல்லுங்கண்ணே." பாதி பேரு மறுநாளே பஸ் ஸ்டாப்ல நிப்பாங்க. கை கொழந்தைய தூக்கிட்டு வர்றவங்க, கால் முடியாதவங்கனா இந்த கணக்கெல்லாம் பாக்காதீங்க, அது வேற.

லீவு போட்ட நாளு, மழைல பஸ்ல போன நாளு இதெல்லாம் எப்டி?

வந்த நாளுக்கு மட்டும். காலைல மட்டும் வந்தா பாதி நாள். ஐப்பசி கார்த்திகைல மழ புடிச்சுக்கிட்டா வாரக்கணக்குல பைக்க எடுக்கவே முடியாது, தை மாசம் அறுப்புனு பாதி பேரு லீவு போடுவாங்க, மாசத்துக்கு இவ்ளோனு ஒரே தொகையா பேசி வச்சிருந்தா அப்பதான் மனஸ்தாபம் வரும். போன் காலண்டர்ல வந்த நாளுக்கு ஒரு டிக் போட்டா போதும், மாசக் கடைசில "அண்ணே இந்த மாசம் 17 நாள், 850"னு ஒரு வரி அனுப்பிடலாம்.

சொல்லாம கொள்ளாம லீவு போட்டு உங்கள வீட்டு வாசல் வரைக்கும் வர வச்சாருன்னா அந்த சுத்துக்கு உள்ள காசு மட்டும் அவரு கணக்கு. முந்தின நாள் ராத்திரி ஒம்பது மணிக்குள்ள சொல்லிடணும்னு மொத மெசேஜ்லயே ஒரு வரி சேத்துக்கலாம்.

காசுக்கு பதிலா எங்க வயல்ல வெளஞ்ச பொன்னி அரிசி தர்றேங்குறாரு. ஒத்துக்கலாமா?

தஞ்சாவூர் ஜில்லாவுல இந்த கேள்வி வராம இருக்குமா! தாராளமா ஒத்துக்கலாம், ஆனா அது அன்பளிப்பா, பெட்ரோல் காசானு மொதல்லயே பேசிடணும். பேசாம வாங்கிட்டீங்கன்னா மூணு மாசம் கழிச்சு நீங்க "காசே வரல"னு நெனைப்பீங்க, அவரு "ஒரு மூட்ட அரிசிய குடுத்தேனே"னு நெனைப்பாரு, ரெண்டு பேரும் சொல்லிக்க மாட்டீங்க.

காசுக்கு பதிலானா வெலைய கட்டுங்க. கடைல அதே ரகம், அதே மாதிரி பழசோ புதுசோ, கிலோ என்ன வெலைனு ரெண்டு பேரும் பாத்து ஒரு ரேட்டுக்கு வாங்க. புது அரிசி கொழையும், பழசுக்கு வெல கூட, இதுல சந்தேகம் வந்தா ஒரு படி வாங்கி வடிச்சு பாத்துட்டு சொல்லுங்க. கிலோ 55 ரூபானு ஒத்துக்கிட்டீங்கன்னா 25 கிலோ சிப்பத்துக்கு 1375. ஒரு நாளைக்கு 50ங்குற கணக்குல அது 27 நாளைக்கு வரும், மிச்சம் 25 ரூபாய விட்டுடலாம். மெசேஜ் இப்டி போகட்டும்:

> அண்ணே, அரிசி வந்துடுச்சு, சோறு நல்லா உதிரியா இருக்குனு வீட்ல சொன்னாங்க. கிலோ 55னு வச்சு 1375, இது 27 நாள் பெட்ரோலுக்கு சரியாயிடுச்சு. அது முடிஞ்சதும் சொல்றேன்.

உங்க வீட்டுக்கு எவ்ளோ அரிசி ஆகும்னும் பாத்துக்கோங்க, பத்திரமா வைக்கலன்னா வண்டு புடிக்கும், மாசாமாசம் ஒரு சிப்பம் வந்து எறங்குனா அப்பறம் நீங்க அரிசி வியாபாரம்தான் பண்ணணும். கீரை, வாழக்கா, தேங்கானு சின்ன சின்னதா குடுத்தா அத கணக்குல கொண்டு வராதீங்க, வாங்கி சாப்புட்டு நன்றி சொல்லிடுங்க.

மெசேஜ் போட்டு மூணு நாளாச்சு, நீல டிக் விழுந்துடுச்சு, பதிலே இல்ல. டெய்லி வண்டில மட்டும் ஏறுறாரு.

ஒரு வாரம் விடுங்க. அப்பறம் ஒரே ஒரு தடவ, "அண்ணே, ஒண்ணாந்தேதிலேர்ந்து அந்த கணக்கு ஓகேவா?"னு கேளுங்க, பழச திரும்ப ஒட்டாதீங்க. "பாக்கலாம்பா"னு வந்தா அத சரினு எடுத்துக்காதீங்க, நம்ம பக்கத்துல பாக்கலாம்னா பாதி நேரம் வேணாம்னு அர்த்தம். "எவ்ளோ முடியும்னு நீங்களே சொல்லுங்கண்ணே, அதுக்கேத்த மாதிரி வச்சுக்கலாம்"னு எறங்கி கேட்டு பாருங்க, கையில காசு இல்லாத கஷ்டமா, குடுக்க மனசில்லாததானு அவரு சொல்ற பதில்ல தெரிஞ்சுடும். கஷ்டம்னா கொறச்சுக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். மனசில்லன்னா கடைசி கேள்விய பாருங்க.

இத்தன மாசம் ஓட்டுனதுக்கு பழைய பாக்கியும் சேத்து கேக்கலாமா?

வேணாம். முன்னாடி பேசாததுக்கு பாக்கினு ஒண்ணு கெடையாது. அத சேத்தா ஆயிரம் ரூபா மெசேஜ் ஏழாயிரம் ரூபா மெசேஜா மாறிடும், அவரு அந்த ஏழாயிரத்த மட்டும்தான் பாப்பாரு.

"பஸ்ல போனாலே இதவிட கம்மி, ட்ரெயின் சீசன் எடுத்தா அதவிட கம்மி"ங்குறாரு. இதுக்கு என்ன சொல்றது?

அவரு சொல்றது உண்மைதான், சண்ட போடாதீங்க. மாயவரம், கும்மோணம், பாவநாசம், தஞ்சாவூர்னு போற அந்த மெயின் லைன்ல சீசன் டிக்கெட் எடுத்து வர்றவங்களுக்கு எந்த வண்டி கணக்கும் கிட்ட நிக்க முடியாது. பொண்ணுங்களுக்கு 2021லேர்ந்து சாதா கட்டண டவுன் பஸ்ல டிக்கெட்டே கெடையாது. பெட்ரோல் செலவு என்னங்குறது உங்க பக்கத்து கணக்கு, வேற வழில போனா எவ்ளோ ஆகும்ங்குறது அவரு பக்கத்து கணக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடத்துல நிக்கலாம்.

அவரு வந்தாலும் வராட்டியும் நீங்க அந்த ரோட்டுல ஓட்டத்தான் போறீங்க, அதனால அவரு குடுக்குற எதுவும் உங்களுக்கு மிச்சம்தான், அவருக்கு வீட்டு பக்கத்துலேர்ந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் நேரா வர்ற வசதி. பஸ்ஸுக்கு அவருக்கு எவ்ளோ ஆகும்னு கேளுங்க, ஸ்டாண்டுலேர்ந்து ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோ பிடிச்சா அதையும் சேத்துக்கோங்க. 50க்கும் அதுக்கும் நடுவுல ஒரு ரவுண்டு தொகை, 40 மாதிரி, ரெண்டு பேருக்கும் உறுத்தாது. கார்னா இந்த வித்தியாசம் இன்னும் பெருசு, தனியா ஒருத்தர மட்டும் கார்ல ஏத்திக்கிட்டு பாதி பெட்ரோல் கேட்டா ஒரு நாளைக்கு 150 வந்துடும், பஸ்ஸ விட்டு யாரும் வர மாட்டாங்க. காருக்கு மூணாவது ஆளு கெடச்ச அப்பறம் மெசேஜ் போடுங்க.

ஆபீஸ்ல எனக்கு பெட்ரோல் அலவன்ஸ் வருது. அத சொல்லணுமா, சொல்லாமலே ஷேர் கேக்கலாமா?

எதுக்கு அலவன்ஸ்னு பாருங்க. ஃபீல்டுக்கு சுத்துறதுக்குனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, கேக்கலாம். வீட்டுலேர்ந்து ஆபீஸ் வர்றதுக்குனே குடுக்குறாங்கன்னா ஆபீஸும் குடுத்து அவரும் குடுத்தா ஒரே பெட்ரோலுக்கு ரெண்டு எடத்துல வாங்குறீங்க. அப்ப அலவன்ஸ் போக கையிலேர்ந்து போறது எவ்ளோவோ, அதுல பொது தூரத்துக்கு உள்ளத மட்டும் பிரிங்க. ஒரே ஆபீஸ்ல வேல பாக்குறவருக்கு இது தெரியாம இருக்காதுங்க, அக்கவுண்ட்ஸ்ல கேட்டா ரெண்டு நிமிஷம்.

எல்லாம் பேசியாச்சு, ஒத்துவரல. இனிமே வர வேணாம்னு எப்டி சொல்றது?

பெட்ரோல காரணமா சொல்லாதீங்க, பொய்யும் சொல்லாதீங்க. மறுநாளே வேற வழில போறத அவரே பாத்துடுவாரு, சின்ன ஊரு. நேரம் ஒத்துவரலங்குறது பெரும்பாலும் உண்மையாவே இருக்கும், அது உண்மையா இருந்தா அத சொல்லுங்க. இல்லன்னா காரணமே சொல்லாம, நாள குறிச்சு, முன்கூட்டியே:

> அண்ணே, வர்ற திங்கக்கெழமலேர்ந்து நான் தனியா போயிக்குறேன், ஒங்களுக்கு ஏற்பாடு பண்ணிக்க நேரம் வேணும்னுதான் இப்பவே சொல்றேன். இந்த வாரம் எப்பயும் போல ஸ்டாப்ல ஏத்திக்குறேன்.

ஒரு வாரம் டைம் குடுத்துட்டீங்க, அந்த வாரத்துக்கு காசு கேக்காதீங்க. மழ நாள்ல ரோட்டோரம் அவரு நிக்குறத பாத்தா வண்டிய நிறுத்துங்க, அதுக்கும் கணக்கு கெடையாது.